வால் இல்லாத ர

அழகான கையெழுத்தைக் கண்டால் மயங்கி விழுகிற வாத்தியார்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது. எழுத்து குண்டு குண்டாக இருந்தால் போதும், அவர்களுக்குப் படிக்கவே வேண்டியதில்லை, ரைட் போட்டுவிடுவார்கள். அப்படி ஒருவரிடம்தான் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை ஒருத்தி மாட்டினாள்.

எண்பதுகளில் நான் ராஜபாளையத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். குடியிருந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், தினமும் பஸ். ஸ்ரீவில்லிபுத்தூரில் விடுதியோடு ஒரு பெண்கள் பள்ளி இருந்தது. ஆறாம் வகுப்பில் சேர அங்கே ஒரு சின்னப் பரீட்சை வைப்பார்கள். கணக்கு கொஞ்சம், அதோடு தமிழில் சொல்வதை எழுதுதல். பத்து வார்த்தையில் ஆறு சரியாக இருந்தால் இடம் உண்டு. எழுத்துப் பிழை மட்டும்தான் பார்ப்போம் என்று நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டியிருந்தார்கள்.

சேத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்த என் பிள்ளைக்கு அந்த இடம் கிடைத்தே ஆக வேண்டும். அவளுடைய அப்பா என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். "பாஸானா படிக்கட்டும் டீச்சர். பெயிலானா மில்லுல பேண்டேஜ் துணி சுத்துற வேலைக்குப் போகட்டும். அதுக்கு எழுத்தா வேணும்?" மிரட்டலாகச் சொல்லவில்லை. நாளைக்கு வெயில் அடிக்கும் என்பதைப் போலச் சொன்னார்.

பரீட்சை முடிவு ஒட்டிய அன்று அவள் பெயர் இல்லை. தமிழில் ஐந்துதானாம். என் வகுப்பில் சொல்வதை எழுதுதலில் அவள் பிழை விடுவதே அபூர்வம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போனேன்; அப்பாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, தலைமையாசிரியை அறையில் தாளைக் காட்டச் சொன்னேன்.

தாளைத் திருத்திய தமிழய்யாவையும் வரவழைத்தார்கள். மடிப்புக் கலையாத வேட்டி, சட்டைப்பையில் இரண்டு பேனா. ஒரே பார்வையில் ஒரு பிள்ளையின் தமிழை எடைபோட்டுவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிற மனுஷன். எடைபோட்டது உண்மைதான், வாசித்ததுதான் இல்லை.

தாளைப் பார்த்ததும் எனக்கே திக்கென்றது. கோழி கிளறிய மாதிரி எழுத்து. அவள் கையெழுத்தே இல்லை. ஐந்து சிவப்புப் பெருக்கல் குறிகள். அடியில் 'தகுதி இல்லை' என்று அய்யாவின் கையால் ஒரு குறிப்பு. அந்த 'லை'யைப் பாடப்புத்தகம் கைவிட்ட பழைய துதிக்கையோடு எழுதியிருந்தார். எங்கள் பிள்ளைகள் யாரும் அப்படி எழுதினால் முதல் ஆளாகச் சுழிப்பவரும் அவர்தான்.

"மரம்னு சொன்னா மாம்னு எழுதியிருக்கா. நகரத்தை நகாம்னு எழுதியிருக்கா. இதுக்கெல்லாம் மார்க்கு போடச் சொல்லுதீகளா?" என்றார்.

உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். 'ர'வுக்குக் கீழே சாய்த்து இழுக்கிற வால் எங்குமே இல்லை. வால் இல்லாவிட்டால் 'ர' துணைக்காலாகத்தான் தெரியும். மரமும் நகரமும் அதனால் மாட்டிக்கொண்டன. ஆனால் அதே தாளில் ரம்பமும் இரவும் இருந்தன. அவற்றுக்கும் பெருக்கல் குறி.

"அய்யா, ரம்பத்துல மொதல் எழுத்தைப் பாருங்க. தமிழ்ல எந்த வார்த்தையாவது துணைக்கால்ல ஆரம்பிக்குமா? இரவுல 'இ'னாவுக்குப் பொறவு அதே வடிவம் வருது. 'இ'னாவுக்கு யாராவது கால் போடுவாகளா? அப்ப ரெண்டு இடத்துலயும் அது 'ர'தான். அதே வடிவத்தைத்தான் மரத்துலயும் நகரத்துலயும் போட்டிருக்கா. இது கை செஞ்ச கோளாறு, எழுத்துப் பிழை இல்ல."

"எழுதுனதைத்தான் திருத்த முடியும் டீச்சர். மனசுல நெனச்சதுக்கு மார்க்கு போட முடியுமா?"

கேட்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. அவருடைய குறிப்பேடே மேசையில் இருந்தது. அதில் 'தேர்வு' என்று எழுதிய இடத்தில் 'ர்' வாலில்லாமல் மொட்டையாக நின்றது. புள்ளி வைக்கும்போது நாம் எல்லோரும் அந்த வாலை விட்டுவிடுகிறோம். அதைக் காட்டினேன். அவர் குறிப்பேட்டை மூடிவிட்டார்.

தலைமையாசிரியை விவரமானவர். "சண்டை எதுக்கு? பிள்ளை போர்டுல பெருசா எழுதட்டும். இப்ப செத்த நேரத்துல தெரிஞ்சிரும்" என்றார்.

அது சரியான வழி. கைக்கோளாறு என்றால், பெரிதாக, நிதானமாக எழுதும்போது காணாமல் போய்விடும். எழுத்துப் பிழை என்றால் எத்தனை பெரிதாக எழுதினாலும் அப்படியே நிற்கும்.

நான் வார்த்தைகளைச் சொன்னேன். பிள்ளை சாக்பீஸை இடது கையில் எடுத்தாள். மரம், இரவு, ரம்பம், நகரம். ஒவ்வொரு 'ர'வுக்கும் வால் அழகாகச் சாய்ந்து விழுந்தது.

"ஏட்டி, பீச்சாங்கையிலயா எழுதுத?" என்று அய்யா அலறினார்.

பிள்ளை சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பரீட்சையில அய்யாதான் டீச்சர் சோத்தாங்கையில எழுதச் சொன்னாக. எனக்கு வரலன்னு சொன்னேன். பேசாம எழுதுன்னுட்டாக."

அந்த ஆள் கையை மாற்றிவிட்டு, மாறிய கை எழுதியதற்குச் சிவப்பு மை தெளித்திருக்கிறார். அதற்குப் பெயர் தகுதி. எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் ஏதாவது சொல்லியிருந்தால் பிள்ளையின் இடம்தான் போயிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அய்யா மட்டும் விடவில்லை. ஐந்தாவது பெருக்கல் குறி இன்னும் பாக்கி இருந்தது. "அப்ப வாழைப்பழத்தையும் எழுதச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். பிள்ளை அழகாக, கொட்டை எழுத்தில், 'வாளைப்பளம்' என்று எழுதினாள். நம் பக்கத்து வாய்க்கு வருவதை அப்படியே எழுதிவிட்டாள்.

"பாத்தீகளா!" என்று அய்யாவுக்கு முகமெல்லாம் பல்.

"ஆமா, அது பிழைதான். அதைச் சுழிங்க, நான் கேக்க மாட்டேன். ஆனா மத்த பிள்ளைக தாளையும் ஒருதரம் காட்டுங்க" என்றேன்.

தலைமையாசிரியை விடைத்தாள் கட்டிலிருந்து முதல் மார்க்கு வாங்கிய தாளை எடுத்தார். முத்து முத்தான எழுத்து. பத்துக்குப் பத்து. அதிலும் 'வாளைப்பளம்'தான் இருந்தது. அதன் மேல் அய்யாவின் சிவப்பு ரைட், அந்த எழுத்துக்கு ஈடான அழகோடு.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து என்ன? கண்ணாடி அழுக்காக இருந்ததாலா இது நடந்தது?

தலைமையாசிரியை இரண்டு தாள்களையும் தானே திருத்தினார். இரண்டு பேருக்கும் ஒன்பது. பட்டியலின் அடியில் என் பிள்ளையின் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டார். வெளியே நின்ற அவள் அப்பாவிடம் சொன்னேன். "அப்ப பாஸா?" என்று மட்டும் கேட்டார். பிறகு விடுதிக்குக் கொண்டுபோகப் பெட்டி வாங்க எம்புட்டு ஆகும் என்று விசாரித்தார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

பிள்ளைக்கு இடம் கிடைத்தது. அய்யாவுக்குத்தான் ஒரு கண்டிப்புகூடக் கிடைக்கவில்லை. ஆறாம் வகுப்புத் தமிழுக்கும் அவரேதான். முதல் நாளே அவள் பேனாவைப் பிடுங்கி வலது கையில் திணித்திருக்கிறார்.

காலாண்டு விடுமுறையில் அவள் என்னைப் பார்க்க வந்தபோது தமிழ் நோட்டைக் கொண்டுவந்தாள். வலது கை எழுத்துதான், இன்னும் கோணல்தான். ஆனால் ஒவ்வொரு 'ர'வின் வாலும் கோட்டைத் தாண்டி, அடுத்த வரியில் இருந்த எழுத்தின் தலையில் போய் இடித்துக்கொண்டு நின்றது. பக்கம் முழுக்க வால்கள்.

"என்ன பிள்ள இது?" என்றேன்.

"இதையும் கால்னு சொல்லட்டும் டீச்சர், பாப்போம்" என்றாள்.