வெறும் ஃப்ளாஷ்

என் கல்யாணத்துக்கான போட்டோகிராபருக்கு நானேதான் கடிதம் எழுதினேன். கல்யாணப் பெண்ணுக்கு அந்த வேலை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் கையெழுத்து நன்றாக இருப்பது எனக்குத்தான். நாங்கள் செங்கம் பக்கத்துக் கிராமம், மண்டபமும் ஸ்டுடியோவும் திருவண்ணாமலையில். பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வரலாம். ஆனால் அப்பாவுக்கு எதுவும் எழுத்தில் வரவேண்டும். "வாயால கேட்டா இன்னைக்கு ஒரு ரேட்டு, நாளைக்கு ஒரு ரேட்டு. நீ எழுதும்மா" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல இன்லண்ட் லெட்டரில் எழுதினேன். கலருக்கு எவ்வளவு, கறுப்பு வெள்ளைக்கு எவ்வளவு? முதல் நாள் மாலை பெண் அழைப்பிலிருந்து மறுநாள் சாப்பாட்டுப் பந்தி வரை இருப்பீர்களா, முகூர்த்தம் முடிந்ததும் கிளம்பிவிடுவீர்களா? எத்தனை ரோல்? முகத்தில் பரு, தழும்பு தெரியாமல் டச்சிங் செய்வது இதில் சேர்ந்ததா, தனியா? ஆல்பத்துக்குத் தனிக் காசா? டச்சிங் கேள்வியை அப்பா என் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அப்பா எழுந்து போனதும் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மேடைக்கு வர்றவங்க எல்லாரையும் எடுப்பாரான்னு ஒரு வரி சேரு. என் தம்பி வந்தாலும் வருவான்."

மாமாவுக்கும் அப்பாவுக்கும் பொதுக் கிணற்று மோட்டார் விஷயமாகப் பேச்சு நின்று பல வருஷம். அம்மாவிடம் தம்பியின் படம் ஒன்றுகூடக் கிடையாது. அந்த வரியைச் சேர்த்தேன்.

பதில் விவரமாகவே வந்தது. கலருக்கு ஜாஸ்தி, ரோலை மெட்ராஸுக்கு அனுப்பிக் கழுவ வேண்டும். இரண்டு நாளும் கூடவே இருப்பார். டச்சிங் பெரிய படங்களுக்கு மட்டும், அதற்குத் தனிக் கூலி. பட்டர் பேப்பர் வைத்த ஆல்பமும் தனிதான். மூன்று ரோலுக்கு மேல் போனால் ரோல் கணக்கில் கூட வரும். அம்மாவின் கேள்விக்கு மட்டும், 'நேரில் பேசிக்கொள்ளலாம்' என்று இருந்தது.

நேரில் பேசியது அப்பா. என்ன பேசினார் என்று வீட்டில் சொல்லவில்லை.

மாமா முகூர்த்தத்துக்கு வரவில்லை. தாய்மாமன் செய்யவேண்டியதையெல்லாம் அம்மாவின் பெரியப்பா மகன் செய்தார். பந்தி நடக்கும்போது, புது வேட்டியில், பரிசு கொடுப்பவர்களின் வரிசையில் கடைசி ஆளாக மாமா நின்றுகொண்டிருந்தார். அம்மா பந்தியை அப்படியே விட்டுவிட்டு மேடைக்கு ஓடி வந்து தம்பி பக்கத்தில் நின்றாள். ஃப்ளாஷ் பளிச்சென்று அடித்தது. அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆடிக்கு என்னைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்தபோது ஆல்பமும் வந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

"என் தம்பி எங்க?"

அப்பா வேறெங்கோ பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். மேடைக்கு வருகிறவர்களை எல்லாம் எடுத்தால் ரோல் தாங்காது, எடுக்காவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். அதனால் எல்லாருக்கும் ஃப்ளாஷ் மட்டும் அடிப்பது, அப்பா மூக்குக்கண்ணாடியைத் தொட்டால் நிஜமாகவே படம் எடுப்பது. இதுதான் அப்பாவும் போட்டோகிராபரும் நேரில் பேசிச் செய்துகொண்ட ஏற்பாடு.

"அவனுக்கு நான் தொடல."

"வெறும் வெளிச்சத்துக்கா நான் சிரிச்சிக்கினு நின்னேன்?" என்றாள் அம்மா. அதற்குமேல் சத்தம் போடவில்லை. ஆல்பத்தை என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். எனக்கு அப்பாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஊரில் யார் யாருக்கோ தொட்ட கை, அன்றைக்கு என்ன, மரத்தா போயிற்று?

மறுநாள் காலை அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு, "வாம்மா" என்று என்னையும் அழைத்துக்கொண்டு மாமா வீட்டுக்கு நடந்தார். மாமா பதறிப்போய்ப் பாயை விரித்தார். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே, "மாமா, அக்காவும் நானும் நின்ன படம் நல்லா வந்திருக்குதா?" என்பதுதான்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் உதவிக்கு வரவில்லை.

"நீ கண்ண மூடிட்டப்பா" என்றார் அப்பா. "அதான் மறுபடி எடுக்கணும். நாளைக்கு ஸ்டுடியோவுக்கு வா."

மாமா வெட்கப்பட்டுப் போனார். "எனக்கு வெளிச்சம் பட்டாலே அப்படித்தான் மாமா. உங்களுக்கு வீண் செலவு வெச்சிட்டேன்" என்று மன்னிப்பே கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தப் படம் இன்றும் இருக்கிறது. அம்மா நடுவில் நாற்காலியில், ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் மாமா. எங்கே மறுபடி மூடிவிடுமோ என்ற பயத்தில் மாமா கண்ணை உருட்டி விழித்துக்கொண்டு நிற்கிறார். பார்க்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். அப்பா மட்டும் ஒரு நாளும் சிரித்ததில்லை.