மாடிப்படிக்குக் கீழே ஒரே ஒரு பிளக்

வடக்குப்பட்டில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே ஒரு பவர் பிளக் இருக்கிறது. வண்டி சார்ஜ் போடுவதற்கு அந்தக் கட்டடம் முழுவதற்கும் அது ஒன்றுதான். நான் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கியபோது ஹவுஸ் ஓனர் அதற்குத் தனியாக ஒரு சின்ன மீட்டர் மாட்டிக் கொடுத்தார். யூனிட்டுக்குப் பத்து ரூபாய். "ரூமுக்குள்ள பேட்டரி எடுத்துனு போய் சார்ஜ் போடாத, படியாண்ட போடு," என்றார். அன்றிலிருந்து அந்த இடம் என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். சொந்தமாக மோட்டார் வண்டி வாங்கியவனும் நான்தான். அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். வண்டி எடுத்த அன்று போட்டோ அனுப்பினேன். "பெட்ரோல் டேங்க்கு எங்கப்பா?" என்று கேட்டார். சிரித்தேன். உண்மையில் எனக்கு அந்த வண்டி தேவையே இல்லை. கம்பெனி பஸ் ஒரகடம் சந்திப்பில் வந்து ஏற்றிக்கொள்ளும், இலவசம். பஸ்ஸுக்காக ஓடிப்போய் நிற்கத் தேவையில்லாமல், ஓவர்டைம் முடிந்து இஷ்டப்பட்ட நேரத்துக்குத் திரும்பலாம் என்பதுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம்.

கீழ் வீட்டில் ஒரு அக்கா குடியிருக்கிறார். பக்கத்து ஊர்க்காரர். அவர் கணவர் ஒரு குடோனில் செக்யூரிட்டி. அக்கா காலையில் இட்லி, பொங்கல், சாயங்காலம் சப்பாத்தி என்று செய்து, சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு பெண்கள் விடுதிக்குக் கொடுப்பார். அங்கே இருப்பவர்கள் ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள். ஆறரைக்கு டிபன் போகவில்லை என்றால் அவர்கள் பட்டினியாகத்தான் பஸ் ஏறுவார்கள். ஷேர் ஆட்டோவில் பாத்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அக்கா, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ரூம் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நீ இந்த கரண்டு படிச்சவன்தான? வண்டி ஒண்ணு எடுக்கலாம்னு கீறேன். கடைக்காரன் ரெண்டு விதமா சொல்றான். ஒண்ணுல பேட்டரி வண்டியோடவே வருதாம். இன்னொண்ணுல வண்டி மட்டும்தான் நம்மளுது, பேட்டரி அவங்களுதாம். காலியானா போய் மாத்திக்கினு வரணுமாம். எது நல்லது, நீ சொல்லு."

நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. அக்காவை உட்காரவைத்து, பழைய நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டேன். கணக்கு இப்படி இருந்தது. பேட்டரி இல்லாத வண்டி நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் குறைவு. ஆனால் பேட்டரிக்கு மாதம் மூவாயிரம் சந்தா, எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பேட்டரி தேய்ந்தால் அது அவர்கள் பாடு. சொந்த பேட்டரி என்றால் அந்த நாற்பத்தைந்தாயிரத்துக்கு மூன்று வருஷம் தவணை, மாதம் ஆயிரத்து ஐந்நூறு. அதற்கு மேல் கரண்டுக் காசு. அதோடு, பேட்டரி என்றைக்காவது தளரும், அன்றைக்குப் புதுசுக்கு ஐம்பதாயிரம் வேண்டும். அதை மாதாமாதம் எடுத்துவைக்க வேண்டும்.

இது எல்லாமே ஒரு எண்ணைப் பொறுத்தது. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்?

"எவ்ளோக்கா ஓடும்?"

"காலைல ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா. நாப்பது வரும். இன்னொரு ஹாஸ்டல் கேட்டுகினு கீறாங்க, அது கெடச்சா எம்பதாவும். கெடைக்குமோ இன்னாவோ."

நாற்பது என்றால் பேட்டரி மெதுவாகத்தான் தேயும், ஆறு வருஷம் வரைக்கும் கூட ஓடும். தவணை, கரண்டு, எடுத்துவைப்பது எல்லாம் சேர்த்து மாதம் இரண்டாயிரத்து அறுநூறுக்குள் முடிந்துவிடும். தவணை தீர்ந்த பிறகு இன்னும் குறையும். எண்பது என்றால் பேட்டரி மூன்று வருஷத்தில் களைத்துப் போகும், செலவு மூவாயிரத்து எழுநூறைத் தொடும். அப்போது மாற்றும் பேட்டரிதான் லாபம்.

நான் நோட்டில் எண்பது என்று எழுதினேன்.

அந்த நேரத்தில் மனசுக்குள் என்ன ஓடியது என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. பேட்டரியோடு வண்டி எடுத்தால் அக்கா எங்கே சார்ஜ் போடுவார்? படிக்குக் கீழேதான். என் பிளக்கில்தான். இரண்டு பேர் வண்டியும் நாளுக்கு நாற்பதுக்குள் ஓடுகிறவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் போதும். அவருக்கு ஒரு நாள், எனக்கு ஒரு நாள் என்று சுலபமாகப் பங்கு போட்டிருக்கலாம். இந்தக் கணக்கை மட்டும் நான் போடவில்லை.

"மாத்துற பேட்டரியே எடுத்துக்கங்கக்கா. உங்களுக்கு முன்பணமும் கம்மி. ரெண்டு நிமிஷத்துல மாத்திரலாம். சார்ஜ் ஏறட்டும்னு காத்துக் கெடக்க வேணாம்."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வண்டி வந்தது. ஒரகடத்தில் ஒரு டீக்கடை ஓரமாக, பீரோ மாதிரி நின்றது பேட்டரிப் பெட்டி. போனைக் காட்டினால் ஒரு கதவு திறக்கும். தீர்ந்ததை உள்ளே தள்ளினால், பக்கத்தில் சார்ஜ் ஏறியது இருக்கிற கதவு திறக்கும். ஒவ்வொரு பேட்டரியும் பத்துப் பன்னிரண்டு கிலோ, வண்டிக்கு இரண்டு. அக்கா அரிசி மூட்டை தூக்குகிறவர், அநாயாசமாக மாற்றிவிடுவார். அவர் கணவர்தான் கிண்டலடிப்பார். "இன்னாமே, இது வண்டியா, வாடகை சைக்கிளா? மாசாமாசம் காசு கட்டணும்ன்ற!"

"தம்பி கணக்கு போட்டு குடுத்துக்குது. உன்ன மாதிரியா?" என்பார் அக்கா.

தினமும் காலையில் என் கதவுப் பிடியில் ஒரு பொட்டலம் தொங்கும். நாலு இட்லி, காரச் சட்னி. தின்றுவிட்டு, கீழே இறங்கி, பிளக்கைக் கழற்றிவிட்டு வேலைக்குப் போவேன்.

இரண்டாவது விடுதி கிடைக்கவில்லை. ஆறு மாதம் நாற்பது கிலோமீட்டர்தான் ஓடியது. நான் கேட்கவும் இல்லை, அக்கா சொல்லவும் இல்லை. ஒரு நாள் ஒரகடம் டீக்கடை ஓரத்தில் சிமெண்ட் மேடை மட்டும் நின்றது. அங்கே மாற்றுகிறவர்கள் கம்மி என்று பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆப்பில் அடுத்த பெட்டி ஸ்ரீபெரும்புதூர் என்று காட்டியது.

போய்வர இருபத்தைந்து கிலோமீட்டர் ஆகும், டிபனுக்கு ஓடுகிற நாற்பதில் பாதிக்கு மேல் பேட்டரி மாற்றுவதற்கென்றே கூடுதலாக ஓட வேண்டும். வீட்டிலேயே சார்ஜ் போடவும் முடியாது. அந்த பேட்டரி அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் சார்ஜ் ஏறும். நம் கையில் இருக்கிற சார்ஜரை மாட்ட அந்த வண்டியில் வழியே இல்லை.

"அவங்க எடத்த மாத்தினா எம்பொழப்பும் மாறணுமா தம்பி?" என்று கேட்டார் அக்கா. கோபமாக அல்ல. படித்தவனிடம் சந்தேகம் கேட்கிற குரலில்.

நான் செய்த பரிகாரம், ஷிப்ட் முடிந்து வந்ததும் என் வண்டியின் கால் வைக்கிற இடத்தில் அவருடைய இரண்டு பேட்டரியையும் ஏற்றிக்கொண்டு போய் ஸ்ரீபெரும்புதூரில் மாற்றிக்கொண்டு வந்தது. அதனால் அவர் கட்டடம் முழுக்க என் புகழ் பாடினார். "பெத்த புள்ளகூட இப்டி செய்யாது." பொட்டலத்தில் இட்லி ஆறானது.

ஒரு மாதம் இப்படிப் போனது. ஒரு சாயங்காலம் நான் போனபோது ஸ்ரீபெரும்புதூர் பெட்டியின் எல்லாக் கதவிலும் சிவப்பு விளக்கு. டெலிவரி பையன்கள் வரிசையாக வந்து, சார்ஜ் ஏறிய பேட்டரியையெல்லாம் எடுத்துப் போயிருந்தார்கள். முக்கால்வாசி தீர்ந்த அதே பேட்டரிகளைத் திருப்பிக்கொண்டு வந்தேன். "விடுதி வரைக்கும் தாங்கும்க்கா," என்றேன். தாங்கவில்லை. மறுநாள் காலை, விடுதிக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், ரோட்டோரமாக வண்டி நின்றுவிட்டது. இரண்டு ஏனம் நிறைய இட்லியோடு அக்கா ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் பஸ் ஏறிவிட்டார்கள்.

வார்டன் சொன்னாராம், "இன்னொரு நாள் இப்படி ஆனா வேற ஆள் பாத்துக்குவோம்." அந்த விடுதிதான் அக்காவின் மொத்த வருமானம்.

அன்று மதியம் ஷிப்ட் முடித்து வந்தேன். அக்கா அந்த இட்லிகளை உதிர்த்து உப்புமாவாகத் தாளித்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் நின்றபடியே சொல்லிவிட்டேன். நாற்பதுக்கு எது லாபம் என்பது, நோட்டில் எண்பது எழுதியது, பிளக், எல்லாம்.

அக்கா அடுப்பை அணைத்தார்.

"நாப்பதுன்னு நான் சொன்னது உனுக்கு கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

"ஒரு பிளக்குக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நாளு மாத்தி நாளு போடுன்னா போட்டுக்கினு போறேன். வாயத் தொறந்து கேட்டா இன்னா?" அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். "சாவி குடு."

கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து என் வண்டியில்தான் டிபன் போகிறது. நான் கம்பெனி பஸ்ஸில் போகிறேன். காலை ஐந்தரைக்குச் சந்திப்பில் நிற்கும்போது, பின்னால் ஏனங்கள் கட்டிய என் ஸ்கூட்டர் என்னைத் தாண்டிப் போகும். அக்கா ஒரு முறை ஹாரன் அடிப்பார், திரும்பிப் பார்க்க மாட்டார். இதுவரை ஒரு நாளும் தாமதமாகவில்லை.

சந்தாவை நிறுத்தி, பேட்டரி இரண்டையும் திருப்பிக் கொடுத்து, டெபாசிட் பணத்தை நானே அலைந்து வாங்கித் தந்தேன். வண்டியை விற்கக் கேட்டுப் பார்த்தோம். பேட்டரி இல்லாத வண்டியை யார் வாங்குவார்கள்? "இரும்புக் கடைக்குப் போடுங்க," என்றான் ஒருவன். அதன் தவணை மட்டும் இன்னும் ஓடுகிறது. பாதியை நான் கட்டுகிறேன் என்றேன். "வேணாம், நீ வண்டி குட்த்துக்கிற, அது போதும்," என்றுவிட்டார். அது மதில் ஓரம் நிற்கிறது. அதன் ஹேண்டில் பாரில் அக்காவின் கணவர் ஈர லுங்கி காயப்போடுகிறார்.

மாதம் முதல் தேதி அக்கா மீட்டரைப் பார்த்துக் கரண்டுக் காசைச் சரியாக எண்ணி ஓனரிடம் கொடுத்துவிடுகிறார். எனக்கு வண்டி வாடகை என்று ஒரு தொகையைக் கவரில் போட்டுக் கொடுக்கிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. படியில் பார்த்தால், "சாப்டியா?" என்கிறார், பழைய மாதிரியேதான்.

கதவுப் பிடியில் பொட்டலம் தொங்குவதில்லை.