திறந்து வைத்த கால் பங்கு

ஹெப்பகோடியில் பித்தளை வால்வு செய்து ஜெர்மனிக்கு அனுப்பும் கம்பெனியில் வனஜா கணக்கு பார்த்தாள். பணம் யூரோவில், மூன்று மாதம் கழித்து வரும். அதனால் ஆர்டர் உறுதியானதும் அன்றைய விலைக்கே யூரோவை விற்பதாக வங்கியோடு முன்கூட்டியே ஒப்பந்தம், அதாவது ஃபார்வர்டு, போட்டுவிடுவாள். பணம் வரும்போது யூரோ ஏறினாலும் இறங்கினாலும் அந்த விலைதான்.

போன ஆர்டரில் யூரோ ஐந்து ரூபாய் ஏறிவிட்டது. முதலாளி முனிகிருஷ்ணனுக்குத் தாங்கவில்லை.

"பேங்குக்காரன் தின்னுட்டான், வனஜாம்மா. இந்த ஆர்டர அப்படியே வுட்டுடு."

"நாம கணக்குப் போட்ட லாபம் வந்துச்சா இல்லையா, சார்?"

"வந்துச்சு. இன்னும் வந்திருக்கும்ல?"

"இறங்கினா அந்த லாபமே போயிடும். ஜெர்மன்காரன் வெலய ஏத்தித் தருவானா?"

கடைசியில் முக்கால் பங்கை வங்கியில் போட்டுவிட்டு, கால் பங்கை மட்டும் அவருக்காக விலை பேசாமல் திறந்து வைத்தாள்.

அன்றிலிருந்து முதலாளி போனைக் கீழே வைக்கவில்லை. யூரோ முப்பது பைசா ஏறினால் எல்லோருக்கும் டீ வரும். இறங்கினால் மிஷின் ஓட்டுகிறவர்களுக்குத் திட்டு விழும். ஒரு வாரம் தொடர்ந்து இறங்கியது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அவள் மேஜைக்கு வந்தார்.

"மிச்சத்தயும் போட்டுடும்மா."

"இப்ப வெல முன்ன போட்டதவிட ரெண்டு ரூபா கம்மி, சார்."

"பரவால்ல. சோறு எறங்கல."

வனஜா வங்கிக்குப் போன் செய்தாள். அவள் விலையை உறுதி செய்து முடிக்கும்வரை அங்கேயே நின்றவர், பிறகு அவள் எதிரிலேயே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்.