விளங்கும்படி எழுதிய அறிவித்தல்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஓர் ஆபீஸ். கொழும்புக் காப்புறுதிக் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்வது அங்கே வேலை. ஆட்களைக் கவனிக்கும் பொறுப்பு கோசலாவுக்கு. பெட்ரோல் இல்லாத காலத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்தே வேலை செய்து பழகிவிட்டிருந்தார்கள்.

தலைமை ஆபீசிலிருந்து அறிவித்தல் வந்தது. ஒன்றிணைந்த பணிக் கலாசாரத்தை வளர்க்க, அனைவரும் கூடிய விரைவில், தேவைக்கேற்ப வரவேண்டுமாம். யார், என்றைக்கு என்று ஒரு மண்ணும் இல்லை. வாட்ஸ்அப்பில் சிரித்துத் தள்ளினார்கள். ஒருவரும் வரவில்லை.

"நம்புற மாதிரி மாத்தி எழுதுங்க மிஸ்," என்றார் மேனேஜர் மதுசூதனன்.

"உண்மையான காரணத்த சொல்லுங்க சார். அத எழுதுனாத்தான் நம்புவாங்க."

அவர் தயங்கித்தான் சொன்னார். வாடிக்கையாளர்களின் நோய் விவரம், வங்கி விவரம் எல்லாம் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்குக் கேட்கிறதென்று கம்பெனிக்குப் புகார் போயிருந்தது. நிறுத்தாவிட்டால் இந்த ஆபீசோடு உள்ள ஒப்பந்தத்தைக் கம்பெனி புதுப்பிக்காது. கோசலாவுக்கு அது தெரிந்த விஷயம்தான். அவள் வளர்ந்த லயத்திலும் நடுச்சுவர் கூரையைத் தொடவில்லை. இங்கே இருமினால் அங்கே சுக்குக் காய்ச்சுவார்கள்.

அந்தப் புகாரை அப்படியே எழுதினாள். வாடிக்கையாளர் விவரத்தைத் திறப்பவர்கள் எல்லோரும் அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து வார நாட்களில் வரவேண்டும். தூரத்து ஆட்கள் பஸ்ஸுக்கேற்ப ஒன்பதரைக்கு வரலாம். பஸ் காசு ஆபீஸ் தரும். மற்றவர்களுக்குத் திங்களும் வியாழனும் போதும். வீட்டில் நோயாளியைப் பார்ப்பவர்கள் விலக்குக் கேட்கலாம்.

கடைசி வரியை மதுசூதனன் வெட்டினார். "ஒப்பந்தத்துல அதுக்கு எடமில்ல மிஸ்."

சும்மா விட்டிருக்கலாம். ஆனால் ஒன்றும் சொல்லாமல் விட்டால் வீண் நம்பிக்கையில் காத்திருப்பார்களே என்று அவளுக்குப் பட்டது. 'நோயாளியைப் பராமரிப்பதற்கு விலக்கு இல்லை' என்று எழுதினாள். எழுதும்போதே பேச்சியம்மாவின் முகம் வந்து நின்றது.

பேச்சியம்மா அவளோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவள், வட்டவளைக்காரி. மரத்திலிருந்து விழுந்த புருஷன் படுத்த படுக்கை. அழைப்புக்கும் அழைப்புக்கும் நடுவில் அவனைப் புரட்டிப் படுக்கவைப்பாள்.

அறிவித்தல் போன மறுநாள் மழையோடு வந்து, ஆபீஸ் கொடுத்திருந்த லேப்டாப்பைக் கோசலாவின் மேசையில் வைத்தாள்.

"யாருகிட்டயாவது விட்டுட்டு வர ஏலாதா?" என்றாள் கோசலா.

"காலையில பேர் குடுத்து பெரட்டு கலைஞ்சா லயத்துல யாரு இருக்கா? எல்லாம் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருது. பச்சப்புள்ளன்னா பாத்துக்க ஆயா இருக்கிற புள்ளக்காம்பராவுல விடலாம். இவர எங்க விடுறது?"

கோசலா அவள் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"மொத நோட்டீஸ்னா சண்ட புடிச்சிருப்பேன். இன்னும் கொஞ்ச மாசம் ஓட்டியிருப்பேன்," என்றாள் பேச்சியம்மா. கோபம்கூட இல்லை அவள் குரலில். "நீ எழுதுனது எல்லாம் வெளங்குது கோசலா. எதுத்துக் கேக்க ஒண்ணுமில்ல."

சார்ஜரையும் எடுத்து வைத்தாள். பெற்றுக்கொண்டதாகக் கோசலா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.