ஓரம் பார்க்கும் அக்கா

எங்கள் ஆஸ்பத்திரி லேபில் அந்த அக்காவுக்கு 'ஓரம்' என்று பெயர் வைத்தவன் நான்தான். ரத்த அணுக்களை எண்ணும் மெஷின் எண்களைத் துப்பிய பிறகும், கண்ணாடித் தகட்டில் தேய்த்த ரத்தத்தை ஓரம் வரை மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். பக்கத்து ரத்த வங்கியில் இருக்கும் எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

ஒருநாள் காலை, பள்ளி வேன் ஓட்டும் ஒரு பெண்ணின் ரத்தம் வந்தது. பல் பிடுங்கிய இடத்தில் இரண்டு நாளாக ரத்தம் நிற்கவில்லை. கைகளெல்லாம் நீலத் திட்டுகள். வெள்ளணுக்கள் குறைவு, ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டிய தட்டணுக்கள் வெறும் பதினோராயிரம். வைரஸ் காய்ச்சலாகத்தான் இருக்கும், ரிப்போர்ட்டை அனுப்புங்கள் என்று வார்டு டாக்டர் போனில் அவசரப்படுத்தினார்.

அக்கா அசையவில்லை. தகட்டின் நடுவில் ஒன்றும் தென்படவில்லை. ஓரத்தில், பெரிய அணுக்கள் ஒதுங்கும் இடத்தில், நான்கே நான்கு முதிராத அணுக்கள். அவற்றில் ஒன்றுக்குள் சுள்ளிக்கட்டைப் போல ஊசி வடிவத் துகள்கள் குவிந்திருந்தன. இது ரத்தத்தை உறையவிடாத ஒரு வகை ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி, உடனே அதற்கான நிபுணரை அழைத்தார்.

நிபுணரும் வார்டு டாக்டரும் வந்து பார்த்தார்கள். மரபணுப் பரிசோதனை முடிவு வரட்டுமே என்று வார்டு டாக்டர் இழுத்தார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"அது வர மூணு நாளாகும் சார். அதுக்குள்ள மூளையில ரத்தம் கசிஞ்சா, ரிப்போர்ட்ட யார்கிட்ட குடுக்குறது?"

நிபுணர் அந்த நோய்க்கான மாத்திரையை அப்போதே ஆரம்பிக்கச் சொன்னார். நான் நாள் முழுக்கத் தட்டணுப் பைகளும் பிளாஸ்மாவும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அந்தப் பெண்ணுக்குக் கடுமையான தலைவலி. ஸ்கேனில் கசிவு இல்லை என்று தெரியும்வரை அக்கா டீயைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மரபணு முடிவும் அவர் சொன்னதையே சொன்னது.

அடுத்து ஆர்சனிக் ஏற்ற வேண்டும் என்றதும், விஷத்தையா ஏற்றப் போகிறீர்கள் என்று அவளுடைய கணவர் பதறினார். நிபுணர் பொறுமையாக விளக்கினார். இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒட்டிக்கொண்டதில் ஒரு கோளாறான புரதம் உருவாகி, அணுக்களை முதிரவிடாமல் பூட்டிவிட்டது. அந்த அணுக்கள் கக்குவதுதான் ரத்தம் உறையும் ஏற்பாட்டைக் குலைக்கிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த மாத்திரை பூட்டைத் திறந்து அணுக்களை முதிர வைக்கும். அளவான ஆர்சனிக் அந்தப் புரதத்தையே சிதைக்கும். இதயத் துடிப்பைக் கண்காணித்துக்கொண்டே கொடுப்போம் என்றார்.

பல மாதம் கழித்து, சிகிச்சை முடிந்து, அந்தக் கோளாறு மரபணு இல்லை என்ற முடிவும் வந்துவிட்டது. வேன்காரப் பெண் லேப் வாசலுக்கே வந்து, தன் நோயைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டாள். அக்கா அதுவரை அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. அன்று காலை அவளிடம் எடுத்த ரத்தத்தின் தகட்டை முதலில் ஓரம் வரை மறுபடி பார்த்தார். இந்த முறை எனக்கு எரிச்சல் வரவில்லை. பிறகு எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓரத்துலகூட ஒண்ணும் இல்லம்மா. நீ போய் வண்டி ஓட்டு."