எருதின் அம்மைத் தழும்பு

யாழ்ப்பாணம் பெரிய கடைப் பக்கம் படம் பிடித்துக்கொண்டிருந்த குருநகர் கிறிஸ்துநாயகத்தின் கையிலிருந்து ஒரு மணப்பெண்ணும் அம்மைத் தழும்போடு வெளியே போனதில்லை. மலாயாவில் வேலை பார்த்த மாப்பிள்ளைமார் படத்தைப் பார்த்துத்தான் தலையாட்டிய காலம் அது. வலிகாமத்திலிருந்து பெண்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு தாய்மார் அவரிடம் வருவார்கள். இரண்டு நாள் கழித்துப் படத்தைக் கையில் வாங்கும்போது பெண்ணின் முகம் கழுவிய கோப்பை போல இருக்கும். எப்படி என்று யாரும் கேட்டதில்லை. அவருடைய 'லென்ஸ்' சீமையிலிருந்து வந்தது என்று பேசிக்கொண்டார்கள். அவரும் அதை மறுக்கவில்லை.

உண்மையில் விஷயம் லென்ஸில் இல்லை, ஒரு பென்சிலில் இருந்தது. கழுவி எடுத்த கண்ணாடித் தகட்டில், தழும்பின் நிழல் விழுந்த இடம் வெளுத்துப் பளிச்சென்று தெரியும். ஊசிபோலச் சீவிய பென்சிலால் அந்த இடத்தை மெல்ல நிரப்பிவிட்டால், படத்தில் தழும்பு இருந்த சுவடே இராது. பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் செய்த வேலை இதுதான்.

1934ஆம் ஆண்டு மாசி மாதம் உரும்பிராய் மார்க்கண்டு ஒரு கைக்குட்டை முடிச்சோடு வந்தார். உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் முப்பது வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முடிச்சுக்குள் ஒரு செப்புக்காசு இருந்தது. ஒரு பக்கம் படுத்த எருது, அதன் கீழே 'சேது' என்ற எழுத்து. தன் தோட்டத்தில் கிணறு வெட்டியபோது அகப்பட்டது, யாழ்ப்பாண அரசர் காலத்துக் காசு என்று மார்க்கண்டு சொன்னார். கூடவே, பாட்டனாரின் கடிதத்திலிருந்து உரித்தெடுத்த, விக்டோரியா ராணி தலை போட்ட பழைய தபால் முத்திரை ஒன்றும் இருந்தது. அதை அவர் பெரிதாக மதிக்கவில்லை. காசுக்குத் துணையாக வந்தது என்றார்.

கொழும்பில் பழங்காசு சேர்க்கும் கனவான் ஒருவர் இவற்றின் படம் கேட்டிருந்தார். காசின் இரண்டு பக்கமும் விளிம்பும் தெரிய வேண்டும், ஒளி பக்கவாட்டில் தாழ விழ வேண்டும், எல்லாம் இரண்டு மடங்கு பெரிதாக வேண்டும். படம் திறமாக அமைந்தால், தான் அச்சிடப்போகும் நூலுக்கும் இதே ஆளைத்தான் அமர்த்துவேன் என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த வரியைக் கிறிஸ்துநாயகம் இரண்டு தரம் வாசித்தார்.

யன்னலோரம் காசை வைத்து, காலை வெயில் தாழ்ந்து வரும் நேரம் பார்த்துப் பிடித்தார். தகட்டைக் கழுவிப் பார்த்ததும் மனம் கெட்டுப்போனது. எருதின் முதுகுக்கு மேலே மூன்று குழிகள், வட்டமாய், அம்மைத் தழும்பு மாதிரியே. எழுத்துக்கு அருகேயும் இரண்டு. விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய வரம்பு ஓடியது. அதை யாரோ அரம் வைத்து ராவியிருந்த கீறல்களும் ஒரே திசையில் தெரிந்தன. முத்திரைக்கோ ஓரத்தில் இரண்டு பல் போயிருந்தது, ராணியின் கன்னத்தில் தபால் கந்தோர் அடித்த கறுப்பு மைக் குத்து வேறு.

கொழும்புக்குப் போகிற படம் இப்படியா போவது? இரண்டு நாள் பென்சில் வேலை நடந்தது. எருதின் முதுகு வழுவழுப்பானது. விளிம்பின் வரம்பு மறைந்தது. ராணிக்கு முகம் துடைத்து, விழுந்த பற்களையும் கட்டினார்.

கொழும்பின் பதில் விரைவில் வந்தது. காசு அற்புதம், குழி இல்லை, விளிம்பில் இயல்பான தேய்மானம், உடனே பதிவுத் தபாலில் அனுப்பவும். முத்திரை மட்டும் சந்தேகம்: தபால் குத்து இல்லை, ஒரு பல்லும் போகவில்லை, இவ்வளவு புதிதாக இருப்பதால் பின்னாளில் சேகரிப்போருக்காக மறுபடி அச்சடித்ததாக இருக்கும். மார்க்கண்டு அந்தக் கடிதத்தை உரும்பிராய் முழுதும் வாசித்துக் காட்டினார். காசும், கேட்காமலே முத்திரையும், கொழும்புக்குப் போயின.

பத்தாம் நாள் இரண்டும் திரும்பி வந்தன. "படத்தில் ஒன்றைக் காட்டி, தபாலில் வேறொன்றை அனுப்பியிருக்கிறீர். இது உருக்கி வார்த்த போலிக் காசு" என்று கடிதம் சொன்னது.

கொழும்புக்குப் போகுமுன் காசு வீட்டை விட்டுப் போனது ஒரே இடத்துக்குத்தான் என்று மார்க்கண்டு கணக்குப் போட்டார். அது கிறிஸ்துநாயகத்தின் கடை. மூன்று இரவு அங்கே கிடந்தது.

மார்க்கண்டு கடைக்குள் நுழைந்தபோது, கோப்பாய் ஞானாம்பிகை தன் மகளின் படத்தை வாங்கிப்போகக் காத்திருந்தார். கோலாலம்பூர் மாப்பிள்ளைக்குப் போகவேண்டிய படம். கடைக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்ற ஏழெட்டுப் பேரும் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"என்ரை காசை எடுத்துப்போட்டு வேறை காசை வைச்சிட்டாய். மரியாதையா எடு. இல்லாட்டி பொலிசுக்குப் போறன்" என்றார் மார்க்கண்டு.

கிறிஸ்துநாயகம் காசை வாங்கிப் பார்த்தார். காசு அதே காசுதான் என்று காட்ட ஒரு வழி இருந்தது. தகட்டிலிருந்து பென்சிலைக் கழுவிவிட்டு அதே தகட்டிலிருந்து மறுபடி காகிதத்தில் படம் போட்டால், குழிகள் அதே இடத்தில் வந்து நிற்கும். ஆனால் ஞானாம்பிகை முன்னால் பென்சிலைப் பற்றி எப்படிச் சொல்வது? மாலைக்குள் செய்தி கோப்பாய்க்குப் போகும், விடிவதற்குள் வலிகாமம் முழுதும். பிறகு எந்த மாப்பிள்ளை இவர் பிடித்த படத்தை நம்புவான்? சொன்னால் தொழில் போகும், சொல்லாவிட்டால் கள்ளன்.

"என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லையோ, நாயகம்?" என்று வாசலிலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார். "பொலிஸ்காரரும் நல்லாப் படம் பிடிப்பினம், உன்னை நிற்கச் சொல்லி."

சிரிப்பு எழுந்தது. கிறிஸ்துநாயகம் உள்ளே போய், தகடுகளையும் கற்பூரத்தைலப் போத்தலையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எல்லோரும் பார்க்க, பஞ்சில் தைலத்தை நனைத்துத் துடைத்தார். பஞ்சு கறுத்தது.

"உது என்ன கறுப்பு?" என்றார் ஞானாம்பிகை.

"பென்சில், அக்கா" என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமல்.

தகடு காய்ந்ததும் படம் பதியும் காகிதத்தோடு சட்டத்தில் பூட்டி வெயிலில் வைத்தார். பத்து நிமிடம் யாரும் பஸ்ஸைப் பற்றி நினைக்கவில்லை. படம் கருத்து வந்தது. எருதின் முதுகுக்கு மேலே மூன்று குழி, எழுத்தருகே இரண்டு. மார்க்கண்டு காசை அருகில் வைத்து விரலால் எண்ணினார். அதே மூன்று, அதே இரண்டு. விளிம்பு வரம்பும் அதே இடத்தில் வளைந்தது. கடிதத்தின் மீதியை அப்போதுதான் உரக்க வாசித்தார்: உருக்கி ஊற்றும்போது காற்றுக் குமிழி நின்ற இடம் குழியாகும், அச்சின் இரண்டு பாதியும் பொருந்தும் இடம் வரம்பாகும், அரசர் காலத்தில் அடித்த அசல் காசில் இவை வரா.

"அப்ப உங்கடை கிணத்துக்குள்ள கள்ளக்காசைப் போட்டது ஆர், அண்ணை?" என்று வாசல்காரர் கேட்டார்.

கிணறு வெட்டியது உண்மைதான் என்றார் மார்க்கண்டு. காசு நெல்லியடிச் சந்தையில் ஒருவரிடம் வாங்கியது என்பது, மேலும் இரண்டு கேள்விக்குப் பிறகு வந்தது. அவரைக் கொஞ்சம் தேற்றியது முத்திரைதான். கழுவிய தகட்டில் ராணியின் கன்னத்துக் குத்து தெளிவாக இருந்தது, வருடத்தோடு. மறு அச்சடிப்புக்கு அந்த வருடத்துத் தபால் குத்து எங்கேயிருந்து வரும்? மதிக்காமல் அனுப்பியது அசல், கிணற்றில் கிடைத்ததாகச் சொன்னது போலி. மார்க்கண்டு முத்திரையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். காசை மேசையில் மறந்தவர் போல விட்டுப் போனார்.

கூட்டம் பஸ்ஸுக்கு ஓடியது. ஞானாம்பிகை மட்டும் எழும்பவில்லை.

"என்ரை பிள்ளையின்ரை தகட்டைக் காட்டு."

கிறிஸ்துநாயகம் எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வலமும் இடமும் திருப்பி, வெகுநேரம் பார்த்தார். கிறிஸ்துநாயகமோ கடையை மூடிவிட்டு எந்த ஊருக்குப் போகலாம் என்று மனதில் தேடிக்கொண்டிருந்தார்.

"இந்த நாடியிலை, வாய்க்குக் கீழை, ஒரு வெட்டு இருக்கெல்லே. சின்னனிலை படியிலை விழுந்தது" என்றார் ஞானாம்பிகை. "அதை விட்டிட்டாய். நான் இருக்கிறன், அதையும் பென்சிலாலை நிரப்பித் தா. அந்தத் தைலப் போத்தலை மட்டும் கிட்டக் கொண்டுவராதை."