திரைக்கு முன்னால் இரண்டு காதுகள்

மருத்துவமனையின் தகவல் பிரிவில் பதினோரு வருடமாக அவள் வெறும் குரல்தான். எந்த டாக்டர் எத்தனை மணிக்கு, எந்த மாடி, சாப்பிடாமல் வர வேண்டுமா என்று நாளெல்லாம் போனில் பதில் சொல்வாள். முகத்தை யாரும் பார்த்ததில்லை. அதுதான் அவளுக்கு வசதியாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ஜாடி. இரண்டு பக்கமும் கைப்பிடி போல நிற்கும் காதுகள். போதாக்குறைக்குக் கண்ணில் அதிகப் பவர். கண்ணாடியின் தடித்த விளிம்பை மறைக்கத் தடித்த கறுப்பு ஃப்ரேம்தான் தோதுப்பட்டது.

திங்கட்கிழமை முதல் வீடியோவில் பேச வேண்டும் என்று மேலாளர் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை மத்தியானம் குளியலறையில் நின்று தானே நெற்றி முடியை வெட்டிக்கொண்டாள். வெட்டுவதற்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் கத்தரியே மங்கல். ஈரமுடி சரியான நீளமாகத்தான் தெரிந்தது. காய்ந்ததும் மேலேறி, ஒரு பக்கம் புருவத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே குத்திக்கொண்டு நின்றது.

"என்னடி இது, எலி கடிச்ச மாதிரி!" என்றாள் அக்கா. சிரித்து முடித்ததும், தான் வழக்கமாகப் போகும் சலூனுக்கு போன் போட்டு அன்று சாயங்காலத்துக்கே நேரம் வாங்கிக் கொடுத்தாள்.

சலூன்காரம்மா ஐம்பது வயதுக்காரர், நிதானமானவர். நாற்காலியில் உட்கார்ந்தவளின் கால்கள் ஒரு நிமிடம் சும்மா இல்லை.

"எப்பவும் இப்படி நேரா, தட்டையாத்தான் தொங்க விடுவீங்களா?"

"காதை மூடணும்ல?"

"மூடல, திறந்து காட்டுது. தட்டையான முடி காதுல பட்டதும் ரெண்டா பிரிஞ்சுடும். நடுவுல காது எட்டிப் பாக்கும். பக்கத்துல கொஞ்சம் உப்பலா, தாடை வரைக்கும் அடுக்கடுக்கா வெட்டுனா காதும் முடியும் ஒரே மட்டத்துல நிக்கும்."

"நெத்தி?"

"ஃப்ரேமே கனம். அது மேல முடியும் கனமா இறங்குனா முகமே அடைஞ்சு போயிடும். ஒதுக்கி விட்டுடலாம்."

கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. பாதியில் பொறுக்க முடியாமல் மாட்டிப் பார்த்தாள். இடப்பக்கம் முடி குட்டையாகி, காது முழுசாக வெளியே நின்றது. வலப்பக்க முடியைக் கிளிப் போட்டு உச்சியில் தூக்கி வைத்திருந்தது.

எழுந்தாள். கழுத்தில் கட்டிய துணியோடு, கிளிப்போடு, நேராகத் தெருவுக்கு வந்துவிட்டாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கே போவது என்று அவளுக்கே தெரியவில்லை.

சலூன்காரம்மா சீப்போடு பின்னாலேயே வந்தார். "அம்மா, பாதி வெட்டோட எங்கம்மா போறீங்க?"

"எனக்கு வேண்டாங்க! நாளன்னைக்கு ஊரே என்னைப் பாக்கும். அதுக்கு மேல அந்த ஹெட்செட் வேற தலையை அமுக்கும்..."

"ஹெட்செட்டா? முதல்லயே சொல்லக் கூடாதா? ஒரு காதுக்கா, ரெண்டு காதுக்கா?"

"ஒரு காதுக்குத்தான்."

"அப்ப ஒரு காதை அதுவே மூடிடுதே! நாம பாக்க வேண்டியது ஒண்ணுதான். உள்ள வாங்க முதல்ல."

உட்கார்ந்தாள். கால் இன்னும் ஆடியது. ஆனால் இந்த முறை சலூன்காரம்மா கண்ணாடியை மாட்டச் சொல்லி, முடியைக் காயவைத்துவிட்டே வெட்டினார். வகிடு இடப்பக்கம் நன்றாக இறங்கியது. முடியின் கனமெல்லாம் வலப்பக்கம் சாய்ந்து அந்தக் காதைத் தாண்டி விழுந்தது. எலி கடித்த நெற்றி முடியும் அதோடு சேர்ந்து மறைந்தது. கண்ணாடிக் கம்பியை முடிக்கு மேலே மாட்டாமல், முடியைத் தூக்கிக் கம்பியை அதற்கு அடியில் சொருகச் சொன்னார்.

"ஹெட்செட்டை இடது காதுல வைங்க. பட்டையை முதல்ல போட்டுட்டு, மேல்முடியை எடுத்து அது மேல விடுங்க. அமுங்காது. ஆறு வாரத்துல வந்துடணும், இல்லேன்னா தொங்கிப் போயிடும்."

திங்கட்கிழமை முதல் அழைப்பு வந்தபோது அவள் பார்த்தது எதிரில் இருந்தவரை அல்ல. திரையின் மூலையில் தெரிந்த தன் முகத்தை. ஒரு பெரியவர், கையில் எக்ஸ்ரேயைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "சத்தமே வரல தாயி" என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் மைக்கைத் திறக்கவே மறந்திருந்தாள்.

திறந்தாள். "மன்னிச்சுக்கோங்க ஐயா, சொல்லுங்க."

அன்று நாற்பத்திரண்டு அழைப்புகள். காதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள்தான் நடுநடுவே வலது காதுப் பக்கம் கையைக் கொண்டுபோய்த் தடவிப் பார்த்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சலூனுக்கு போன் போட்டு, ஆறு வாரம் கழித்து வரும் சனிக்கிழமைக்கு நேரம் கேட்டாள்.

"அதுக்குள்ளயா? இன்னும் ரெண்டு நாள் கூட ஆகலையேம்மா!" என்று சலூன்காரம்மா சிரித்தார்.

"இருக்கட்டுங்க, எழுதி வெச்சுக்கோங்க" என்றாள் அவள்.